குடிவந்த மூன்றாம் நாள் அனுப்ப வேண்டிய செய்தி

மேடம், மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று அவசரமாகப் பிடித்தோம். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,08,000. ஜூலை 6-ம் தேதி வந்தோம், இன்று மூன்றாம் நாள். சாமான்களைப் பிரித்து அடுக்கும்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. ஹாலில் டைல்ஸ் கீறல், அடுப்பு மேடையில் விரிசல், படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கறை, பாத்ரூம் குழாய் ஒழுகல், கிழிந்த கொசுவலை. போன வீட்டில் பெயின்ட், டைல்ஸ், க்ளீனிங் என்று அட்வான்ஸில் 27,000 பிடித்துக்கொண்டார்கள். "நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றோம். "ஆதாரம் இருக்கா?" என்றார்கள்.

அதனால் இந்த முறை 140 போட்டோ எடுத்துவிட்டேன். "இவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல. உடனே சரிசெய்து தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்" என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. ஓனர் குடும்பம் கீழ் வீட்டில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் ஓனர் மாமி பெயரில், பேசுவதெல்லாம் அவர் கணவரிடம். "வந்ததும் வராததுமா எதுக்கு வம்பு, நல்ல மனுஷரா தெரியறார், போகும்போது பாத்துக்கலாம்" என்கிறார் என் கணவர். ப்ளூ டிக் விழுந்துவிட்டால் அவர்கள் ஒப்புக்கொண்ட மாதிரிதானே? மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியதே சட்டவிரோதம் என்கிறாள் தோழி. அதையும் சேர்த்து எழுதலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. வம்பு வேண்டாம் என்பது சரி. போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் உங்களுக்குப் போன வீட்டில் 27,000 ரூபாய் செலவு வைத்த யோசனை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் செய்தியை அனுப்பாமல் நிறுத்தியதும் நல்லதாகப் போயிற்று. அதில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. "வீடு இந்த நிலையில் கைக்கு வந்தது" என்று பதிவு செய்வது ஒன்று. "இதைச் சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்பது இன்னொன்று. சேர்த்து அனுப்பினால் எதிர்த் தரப்பு இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் கோபத்தோடு. "சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சட்டம் பேசுறாங்க" என்று பேச்சு திரும்பிவிட்டால், டைல்ஸில் கீறல் இருந்ததா இல்லையா என்பதை யாரும் பேசமாட்டார்கள். இரண்டாண்டு கழித்து உங்களுக்குத் தேவைப்படப்போவது அது ஒன்றுதான்.

அட்வான்ஸ் விஷயத்தை இந்தச் செய்தியில் தொடவே வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நம் மாநில வாடகைச் சட்டத்தின் (2017-ம் ஆண்டுச் சட்டம்) 11-வது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்றுதான் தொடங்குகிறது. ஆறு மாத அட்வான்ஸுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தோழி பாதிப் பிரிவைத்தான் படித்திருக்கிறார். அதே பிரிவின் அடுத்த பகுதிதான் உங்களுக்கு உபயோகம்: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "தர வேண்டியது" எவ்வளவு என்பதில்தான் சண்டையெல்லாம். இப்போது நீங்கள் அனுப்பப்போகும் செய்தி அந்தக் கணக்குக்காகத்தான்.

பத்திரத்தில் இருக்கும் அந்த ஒரு வரி

ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வாடகைதாரர் வீட்டை நேரில் பார்வையிட்டு, நல்ல நிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் கை மாறும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்சடிப்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. நாளைக்குத் தகராறு என்று வந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான்: "எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்."

அந்த வரி இருந்தால் உங்கள் கதை முடிந்தது என்று பொருளில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடிய காகிதம் ஒன்று வேண்டும், அது அந்த வரிக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காலி வீட்டை அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர், குடிவந்த மூன்றாம் நாள் அடுப்பு மேடை விரிசலைக் கண்டு எழுதினார் என்பதை யாரும் நம்புவார்கள். நான்காம் மாதம் எழுதினால், அந்த நான்கு மாதத்தில் மேடையில் அம்மிக்குழவி விழவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே நாளை என்று தள்ளாதீர்கள். ஒரு வாரத்துக்குள் போய்விட வேண்டும்.

கறையைவிடக் குழாய் முக்கியம்

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது சுவர்க் கறை, டைல்ஸ் கீறல். உங்கள் பட்டியலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் சட்டம் பழுதுகளைப் பிரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் முன்னுரிமை மாறிவிடும். 15-வது பிரிவு, வீடு கைக்கு வந்தபோது இருந்த அதே நிலையில், சாதாரணத் தேய்மானம் நீங்கலாக, இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய், வாஷர், வாஷ் பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவு பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் இதைப் பற்றித் தனியாக எழுதியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இப்போது புரிந்திருக்கும். உங்கள் பாத்ரூம் குழாய் நீங்கள் வரும்போதே ஒழுகிக்கொண்டிருந்ததா, நீங்கள் வந்த பிறகு கெட்டுப்போனதா என்று பதிவில்லாவிட்டால், அட்டவணைப்படி அது உங்கள் செலவு. கிழிந்த கொசுவலையும் அப்படித்தான். படுக்கையறைப் பழுப்புக் கறை மேலேயிருந்து இறங்கும் தண்ணீரால் வந்த ஓதம் என்றால், நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் அதை உங்கள் தலையில் கட்டுவது கடினம்.

எனவே செய்தி அனுப்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டை ஓட்டிப் பாருங்கள். எல்லா சுவிட்சையும் போட்டு, ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கீசரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் சுடுகிறதா என்று கவனியுங்கள். ஜூலை வெயிலில் கீசரை யாரும் தொடமாட்டார்கள், மார்கழியில்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும், அதற்குள் ஐந்து மாதம் ஓடியிருக்கும். ஃபிளஷ் டேங்க் நிறைந்து நிற்கிறதா, சிங்க்குக்கு அடியில் ஒரு துணியை விரித்து வைத்தால் நனைகிறதா, ஒவ்வொரு ஜன்னல் தாழ்ப்பாளும் விழுகிறதா, அலமாரிக் கதவு கீலில் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். மடிப்பாக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் குழாய் வாயிலும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதையும் எழுதுங்கள். போகும்போது "ஆசிட் ஊத்திக் கழுவ" என்று க்ளீனிங் கூலி கேட்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

எப்படி எழுதுவது

"சமையலறை மேடையில் விரிசல் உள்ளது" என்று எழுதினால் போதாது. வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பதி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார்கள். குடிவந்த வாரமே செய்தி அனுப்பியிருந்தார்கள், போட்டோவும் இருந்தது. ஆனால் போட்டோவில் கருப்புக் கல்லும் ஒரு கோடும் மட்டும்தான். அது மேடையின் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று எதுவும் இல்லை. "அது சிங்க் பக்கம் இருந்த பழைய விரிசல், நான் கேக்கறது அடுப்புப் பக்கம் புதுசா வந்தது" என்றார் உரிமையாளர். அவர் பொய் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவென்றாலும் எங்களிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் கேட்டதில் பாதியைக் கொடுத்து முடித்தார்கள்.

ஆகவே எந்த அறை, எந்தப் பக்கம், எவ்வளவு அளவு, எந்த எண் போட்டோ, நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தொனி, கீழ் வீட்டுப் பெரியவரிடம் நேரில் பேசுவது போல. உங்களுக்காக ஒன்று எழுதிக் காட்டுகிறேன், அளவுகளை மட்டும் உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

> வணக்கம் சார், வணக்கம் அம்மா. ஜூலை 6-ம் தேதி வீட்டுக்கு வந்துட்டோம், எல்லாம் நல்லபடியா நடந்தது. சாமான் அடுக்கும்போது வீட்டில் ஏற்கெனவே இருந்த சில விஷயங்களைக் கவனித்தோம். பிற்பாடு நம்ம ரெண்டு பேருக்கும் குழப்பம் வரக்கூடாதுன்னு குறிச்சு அனுப்பறேன்.
>
> 1. ஹால்: பால்கனிக் கதவை ஒட்டி, இடமிருந்து 2-வது, 3-வது டைல்ஸில் கீறல், சுமார் 20 செ.மீ. (போட்டோ 1, 2)
> 2. சமையலறை: அடுப்பு மேடை கிரானைட்டில் சுவர் ஓரமாக விரிசல், 11 செ.மீ. (போட்டோ 3, 4)
> 3. பெரிய படுக்கையறை: ஜன்னலுக்கு மேல் வலது மூலையில் பழுப்புக் கறை, சுமார் ஒரு அடி. இப்போது காய்ந்திருக்கிறது. (போட்டோ 5)
> 4. பாத்ரூம்: பக்கெட் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது. (வீடியோ 6)
> 5. சின்ன படுக்கையறை: கொசுவலை கீழ் ஓரம் கிழிந்திருக்கிறது. (போட்டோ 7)
> 6. கீசர், மற்ற சுவிட்சுகள் எல்லாம் போட்டுப் பார்த்தோம், வேலை செய்கிறது.
> 7. ஈபி மீட்டர் ரீடிங் போட்டோ 8-ல் இருக்கிறது.
>
> ஏதாவது மாறுபாடு இருந்தால் சொல்லுங்க, நேரில் வந்து பார்த்தாலும் நல்லது. பார்த்துட்டு ஒரு 'சரி' போட்டா போதும். நன்றி.

ஆறாவது வரியைக் கவனித்தீர்களா? வேலை செய்பவற்றையும் எழுதச் சொல்கிறேன். குறைகளை மட்டும் அடுக்கினால் புகார்ப் பட்டியல் போலத் தோன்றும். நல்லதையும் சேர்த்தால் வீட்டின் நிலைக் குறிப்பாக மாறிவிடும், படிக்கிறவருக்கும் முகம் சுளிக்காது. போட்டுப் பார்க்காததை மட்டும் வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

"நாங்கள் பொறுப்பல்ல" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். வரும்போதே இருந்த கீறலுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குழாயையும் கொசுவலையையும் சரிசெய்து தரச் சொல்லி இரண்டு நாள் கழித்து வேறு செய்தியாகக் கேளுங்கள். மாடிப்படியில் பார்க்கும்போது பேசிவிட்டு, "பேசினபடி குழாய்க்கு பிளம்பரை எப்ப அனுப்பறீங்க சார்?" என்று ஒரு வரி போட்டாலும் போதும்.

ஒப்பந்தம் மாமி பெயரில் இருப்பதால் செய்தி அவருக்கும் போக வேண்டும். சாரும் மாமியும் நீங்களும் இருக்கும் ஒரு குழுவைத் தொடங்கிக்கூட அனுப்பலாம். மாமியிடம் வாட்ஸ்அப் இல்லையென்றால் செய்தியை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கீழே கொடுத்துவிட்டு, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கீழ் வீட்டில் இருப்பதில் உள்ள சௌகரியம் அது. புரோக்கருக்கு அனுப்பிவிட்டு உரிமையாளருக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கமிஷன் கைக்கு வந்ததும் புரோக்கர் இந்தக் கதையிலிருந்து இறங்கிவிடுகிறார்.

140 போட்டோவை என்ன செய்வது

எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள், பிறகு "அவ்வளவு படம் வந்துச்சு, எதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது" என்பார்கள். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் போதும். ஒன்று நான்கடி தள்ளி நின்று, கதவோ ஜன்னலோ தெரியும்படி, இடம் புரிவதற்காக. இன்னொன்று பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து, அளவு புரிவதற்காக. டைல்ஸ் கீறல் நேராக எடுத்தால் விழாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் அடித்து எடுத்துப் பாருங்கள், கீறல் வெள்ளைக் கோடாக நிற்கும். சொட்டும் குழாய்க்குப் பத்து விநாடி வீடியோ. மீதி நூற்றுச் சொச்சம் படங்களையும் அழித்துவிடாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் கண்ணுக்குப் படாத ஒன்று அவற்றில் எங்காவது ஓரத்தில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அளவு சுருங்கிவிடுகிறது, எந்தத் தேதியில் எடுத்தது என்ற உட்குறிப்பும் கழன்றுவிடுகிறது. அதனால் சாதாரணமாக அனுப்புவதோடு, அதே எட்டு படங்களையும் டாக்குமென்ட் என்ற வழியில் ஒரு முறை அனுப்புங்கள், அசல் கோப்பு அப்படியே போகும். அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் போட்டு வைத்துவிட்டு ஆதாரம் அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

போனில் இருப்பது நீதிமன்றத்துக்கு எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் இருக்கிறது. மின்னணுப் பதிவை அச்செடுத்துத் தாக்கல் செய்தால் அதன் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் போனை வைத்திருக்கும் நீங்களும் இன்னொரு பகுதியை இதில் தேர்ந்த ஒருவரும் கையெழுத்திட்டுத் தருவீர்கள். அது அன்றைக்குச் செய்யும் வேலை, உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். இன்றைக்கு உங்கள் வேலை அசல் அழியாமல் பார்ப்பது மட்டும். இரண்டு வருடத்தில் போனை மாற்றுவீர்கள். மாற்றும்போது உரையாடல் புதுப் போனுக்கு வந்துவிட்டதா என்று திறந்து பார்த்த பிறகே பழையதைக் கொடுங்கள். படங்களை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பி வைத்துக்கொள்வது அதைவிட எளிது.

ப்ளூ டிக்

நீல டிக் வந்தால் அந்தச் செய்தி அவர் போனில் திறக்கப்பட்டது என்று பொருள். ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லும், வாடகை வழக்கில் செல்லாது. அதற்காகப் பதில் வராத செய்தி வீண் என்று நினைக்கவும் வேண்டாம். குடிவந்த மூன்றாம் நாளே அளவோடு ஒருவர் எழுதினார், "மாறுபாடு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டார், கீழ் வீட்டிலேயே இருந்தவர் இரண்டு வருடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் படிக்கும் நீதிபதி அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் அதே செய்திக்குக் கீழே, "சார், மேலே அனுப்பினதைப் பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

அவர் "இதெல்லாம் இல்லவே இல்லை, நீங்க வந்த பிறகுதான்" என்று மறுத்தால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். மறுப்பு இப்போதே வருவதுதான் நல்லது. அன்றைக்கே மேலே கூப்பிட்டுக் காட்டிவிடலாம். மூன்று நாளில் கிரானைட் மேடையை உடைத்துவிட்டீர்கள் என்று யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கணக்கு

நீங்கள் காலி செய்யும்போது அவர் இப்படிப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பெயின்ட் 18,000, ஹாலில் நான்கு டைல்ஸ் மாற்ற 9,500, அடுப்பு மேடைக் கல் 14,000, குழாய்கள் 1,800. மொத்தம் 43,300. கைக்கு வருவது 64,700.

மேடைக் கல்லில் உங்கள் இரண்டாம் எண் நேராக நிற்கிறது. இடமும் 11 செ.மீ. அளவும் படத்தில் இருக்கின்றன. விரிசல் அப்படியே இருந்தால் அந்த 14,000 பிடித்தம் நிற்காது. அதுவே 30 செ.மீ. ஆகியிருந்தால், பழைய விரிசல் தானாக நீண்டதா, உங்கள் உபயோகத்தாலா என்று பேச்சு வரும். அப்போதும் முழுக் கல்லின் விலையைக் கேட்பது கடினம். டைல்ஸில் இரண்டு பழையவை, பதிவில் இருக்கின்றன. மற்ற இரண்டும் ஃப்ரிட்ஜை இழுத்தபோது நீங்கள் கீறியவை என்றால், அதில் பாதியான 4,750-ஐத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையில் உங்களுடையதை ஒப்புக்கொள்பவரின் மற்ற மறுப்புகளுக்கு எடை கூடுகிறது. குழாய்களில் வரும்போதே சொட்டிய ஒன்று உங்கள் கணக்கில் வராது. இடையில் கெட்டவற்றை நீங்கள் அவ்வப்போது மாற்றியிருந்தால் பில்லை வைத்திருங்கள்.

பெயின்ட்தான் சிக்கல். வெள்ளையடிப்பது அட்டவணைப்படி உரிமையாளர் பக்கம். ஆனால் "காலி செய்யும்போது பெயின்டுக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், இந்தச் செய்தியில் எத்தனை கறையை எழுதினாலும் அந்த 18,000 தானாகக் கழன்றுவிடாது. அட்டவணையைக் காட்டி வாதாடலாம், ஜெயிப்பீர்கள் என்று என்னால் வாக்குத் தர முடியாது. 11 மாத ஒப்பந்தமாக இருந்தால், புதுப்பிக்கும்போது அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சரியாக வாடகை கொடுத்த பதினோரு மாதத்துக்குப் பிறகு கேட்டால் கேட்பார்கள், இன்றைக்குக் கேட்டால் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கணக்கு பேச்சில் தீராமல் வாடகை நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால், முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதுதான். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது: tenancy.tn.gov.in. பதிவாகாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டும்போது சிக்கல் வரும். உங்களுடையது பதிவாகியிருக்கிறதா என்று சாரிடம் இந்த மாதமே விசாரியுங்கள், குறைகளைப் பற்றிய பேச்சோடு சேர்க்காமல் தனியாக.

காலி செய்யும் நாளில், சாமான் இறங்கிய பிறகு, இன்று எடுத்த எட்டு படங்களையும் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் இருவருமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, சாவி கொடுத்த தேதியை ஒரு வரியாக அனுப்புங்கள். அட்வான்ஸ் திருப்பித் தருவதற்கான ஒரு மாதத்தைக் கணக்கிட அந்தத் தேதி வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பட்டியலில் மூன்றாம் எண், அந்தப் பழுப்புக் கறை. ஜூலையில் அது காய்ந்துதான் இருக்கும். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு அந்த மூலையில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ கறை அகலமாகியிருந்தாலோ, பழைய செய்தியின் மூன்றாம் எண்ணைச் சுட்டி, புதுப் படத்தையும் அன்றைய தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். அலமாரியை அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு வைத்தால் உங்கள் பட்டுப் புடவைகளும் தப்பிக்கும்.